பக்கத்துக் கடையோடு சேர்ந்து கூப்பன் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். பில் புத்தகம், கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ் ஆகியவற்றுக்கு நடுவே, அடுத்தடுத்த கடைக்காரர்கள் இருவர் சேர்ந்து வந்து, ஒருவர் வாடிக்கையாளருக்கு மற்றவர் கடையின் சலுகைக் கூப்பனைக் கொடுக்கும்படி அச்சிட்டுத் தரச் சொல்வதும் இப்போது வழக்கமான வேலையாகிவிட்டது. வருகிறவர்கள் தாளின் நிறத்தையும் அளவையும் பேசுவதற்கு முன் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, நான் பார்த்தவற்றைக் கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு கடைப் பெயரையும் ஒரே பேனரில் போட்டால் அதுதானே கூட்டு விளம்பரம்? கூப்பன் எதற்கு?

பேனரைத் தெருவில் போகிற எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்து யார் வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கூப்பன் அப்படியல்ல. உங்கள் கடையில் பணம் கொடுத்து வாங்கி, உங்கள் வேலையில் திருப்தியோடு நிற்கும் ஒருவர் கையில் நீங்களே அதைக் கொடுக்கிறீர்கள். அவர் அடுத்த கடைக்குப் போனால் அந்தத் தாள் அங்கே போய்ச் சேர்கிறது; மாதக் கடைசியில் எண்ணிப் பார்க்கலாம்.

பேனரால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு சிறு கடைகள் சேரும்போது உண்மையில் பரிமாறிக்கொள்வது ஒருவர் வாடிக்கையாளர் மற்றவர் மீது வைக்கும் நம்பிக்கையைத்தான். அது கையிலிருந்து கைக்குக் கொடுக்கும்போதே நன்றாக நடக்கிறது.

என் கடையைச் சுற்றிப் பேக்கரி, மருந்துக் கடை, ஃபேன்ஸி ஸ்டோர், செல்போன் கடை எல்லாம் இருக்கின்றன. யாரோடு சேர்வது?

கேட்டவர் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: உங்கள் கடையிலிருந்து இறங்கும் பெண்ணுக்கு அடுத்த பத்து நிமிடத்தில் என்ன தேவைப்படும்? தைத்த ஜாக்கெட்டை வாங்க வருகிறவர், நிறம் சரிபார்ப்பதற்காகச் சேலையையும் பையில் கொண்டு வந்திருப்பார். அந்தச் சேலைக்கு ஏற்ற வளையலும் கம்மலும் எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. அதனால் ஃபேன்ஸி ஸ்டோர் பொருந்தியது. பேக்கரிக்கு எல்லோரும் போகிறார்கள் என்பது உண்மை. ஆனால் தையல் கடையிலிருந்து அங்கே போவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

இன்னும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். இருவரும் ஒரே பொருளை விற்கக் கூடாது. ஃபேன்ஸி கடையில் ரெடிமேட் ஜாக்கெட்டும் தொங்கினால் அது உறவல்ல, போட்டி. அடுத்ததாக, அந்தக் கடையில் நீங்களே சாதாரண வாடிக்கையாளராக இரண்டு மூன்று முறை வாங்கிப் பாருங்கள். மாற்றித் தரச் சொன்னால் முகம் சுளிக்கும் கடைக்கு உங்கள் பெயரைச் சொல்லி ஆள் அனுப்பக் கூடாது.

எவ்வளவு தள்ளுபடி கொடுக்கலாம்? பத்து சதவீதம் போதுமா?

சதவீதத்தைத் தவிர்த்து, ரூபாயில் சொல்வதே நல்லது. 300 ரூபாய்க்கு வளையல் எடுக்கும் ஒருவர் பத்து சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட மாட்டார். ‘50 ரூபாய் குறைவு’ என்பது உடனே புரியும். அதோடு குறைந்தபட்ச வாங்குதல் தொகை ஒன்றையும் வைக்க வேண்டும். இல்லையென்றால் 60 ரூபாய்க்குப் பின்னும் கிளிப்பும் எடுத்துவிட்டு 50 ரூபாய்க் கூப்பனை நீட்டுவார்கள்.

அந்தத் தொகையை எப்படி முடிவு செய்வது என்பதற்கு ஃபேன்ஸி கடை அண்ணாச்சியின் கணக்கைச் சொல்கிறேன். அவருக்கு 100 ரூபாய் விற்பனையில் ஏறத்தாழ 35 ரூபாய் நிற்கும். 400 ரூபாய்க்கு விற்றால் 140 நிற்கும். அதில் 50 போனால் 90 மிஞ்சும். எனவே ‘400 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 50 ரூபாய் குறைவு’ என்று வைத்தோம். குறைந்தபட்சத் தொகைக்கு வாங்குகிறவரிடமிருந்து நிற்கும் லாபத்தில் பாதிக்கு மேல் சலுகையாகப் போகக் கூடாது என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் அளவு.

தையல் போன்ற கூலி வேலைக்குப் பணத்தைக் குறைப்பதைவிட ஒரு சிறு வேலையை இலவசமாகச் செய்து கொடுப்பது மேல். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் சேலைக்கு ஃபால்ஸ் இலவசமாகத் தைத்துத் தருவதாக அக்கா அறிவித்தார். வாடிக்கையாளருக்கு அது 100 ரூபாய் மதிப்பு. அக்காவுக்கு ஃபால்ஸ் துணியும் கைக்கூலியுமாக 40 ரூபாய்தான் செலவு. தையல் கூலியை ஒருமுறை குறைத்தால் அடுத்த முறையும் அதே கூலியைத்தான் கேட்பார்கள் என்பதும் ஒரு காரணம்.

தள்ளுபடிப் பணத்தை யார் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

விற்கிற கடையே ஏற்க வேண்டும். ஃபேன்ஸி கடையில் குறையும் 50 ரூபாய் ஃபேன்ஸி கடையின் செலவு. ஃபால்ஸுக்கான 40 ரூபாய் தையல் கடையின் செலவு. அச்சுச் செலவை மட்டும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதித் தள்ளுபடியை நீங்கள் தாருங்கள், மீதியை நான் தருகிறேன் என்று தொடங்கினால் ஒவ்வொரு வாரமும் ஒருவர் மற்றவருக்குப் பணம் எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கில்தான் மனக்கசப்பு தொடங்குகிறது.

கூப்பனில் என்னவெல்லாம் அச்சிட வேண்டும்?

ஏ4 தாளை எட்டாக வெட்டினால் வரும் அளவு போதும். கைப்பையிலும் பர்ஸிலும் மடிக்காமல் அடங்கும். அதில் முதலில் பெரிய எழுத்தில் சலுகை, அடுத்துக் கடையின் பெயரும் இடமும், பிறகு கடைசி நாள், குறைந்தபட்சத் தொகை, ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன் என்ற வரி, வரிசை எண். ‘எங்கள் வாடிக்கையாளருக்காக’ என்று கொடுக்கும் கடையின் பெயரைக் கீழே சிறிதாகப் போடலாம். கடவுள் படம், செடி, பூ எல்லாம் போட்டு நிரப்ப வேண்டாம். சாமி படம் உள்ள தாளைக் கீழே போடத் தயங்கிப் பலர் வாங்கவே மறுக்கிறார்கள் என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வரிசை எண்ணைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எண் இல்லாத கூப்பனை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். அதைவிட, எத்தனை கொடுத்தோம் என்பதே தெரியாமல் போகும். எண் இருந்தால் காலையில் எந்த எண்ணில் தொடங்கினோம், இரவில் எந்த எண்ணில் முடித்தோம் என்று பார்த்தாலே அன்றைய கணக்கு கிடைத்துவிடும். இரண்டு கடைக்கும் வேறு வேறு நிறத் தாள் இருக்கட்டும். நாங்கள் ஃபேன்ஸி கடைக் கூப்பனுக்கு மஞ்சளும் தையல் கடைக் கூப்பனுக்கு இளநீலமும் வைத்தோம். தலைக்கு 300 வீதம் 600 கூப்பன், எண் போட்டு 900 ரூபாய் ஆனது, ஆளுக்கு 450.

கடைசி நாளைப் பொறுத்தவரை, கொடுத்த நாளிலிருந்து 15 நாள் என்பது இப்படிப்பட்ட பொருட்களுக்குச் சரியாக வருகிறது. ‘15 நாட்களுக்குள்’ என்று மட்டும் அச்சிட்டால் போதாது; தேதி எழுத இடம் விட்டு, கொடுக்கும்போது பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பில்லோடு சேர்த்துப் பையில் போட்டுவிட்டால் போதாதா?

போதாது. முதல் வாரத்தில் அக்கா கடையில் அப்படித்தான் நடந்தது. உதவிக்கு நின்ற பெண் ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்து, பில்லையும் கூப்பனையும் அதற்கு மேல் செருகினார். அந்த வாரம் போன 55 கூப்பனில் திரும்பி வந்தது இரண்டுதான். பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஓடையோரம் ஈரத்தில் ஒட்டிக்கிடந்த மஞ்சள் தாளை நானே கண்டேன். பில்லோடு சேர்த்துச் சுருட்டி எறியப்பட்டிருந்தது.

இரண்டாம் வாரம் முறையை மாற்றினோம். ஜாக்கெட்டை மேசையில் விரித்து, சேலையின் கரையை அதன் மேல் வைத்து நிறம் காட்டும்போதே அக்கா கூப்பனையும் அதன் மேல் வைப்பார். ‘இந்த மயில்நீலத்துக்கு அடுத்த கடையில் வளையல் வந்திருக்கிறது, இதைக் காட்டினால் 50 ரூபாய் குறைப்பார்கள்’ என்று ஒரு வாக்கியம் சொல்லி, தேதி எழுதி, கையில் கொடுப்பார். அதன் பிறகு கூப்பன் திரும்பி வரும் வேகம் கண்கூடாக மாறியது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நேரமில்லாத மாலைக் கூட்டத்தில் கூப்பன் கொடுக்காமலே விட்டுவிடுவது நல்லது.

மறுபக்கமும் தயாராக இருக்க வேண்டும். கூப்பனோடு வந்தவரிடம் கடைப் பையன் ‘முதலாளி வரட்டும்’ என்று சொன்னால் அவர் இரு கடைக்கும் திரும்பி வர மாட்டார். தொடங்கும் நாளன்றே இரண்டு கடையிலும் வேலை செய்கிற எல்லோருக்கும் கூப்பனைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது? கிறிஸ்துமஸ் சமயத்தில் போட்டால் நிறைய வருமே?

நம் மாவட்டத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் தையல் கடைகள் புது வேலை எடுப்பதையே நிறுத்திவிடுகின்றன. அப்போது கூப்பன் கொடுத்து ஆளை வரவழைத்துவிட்டு, ஜனவரியில் வாருங்கள் என்று திருப்பி அனுப்புவது கெட்ட பெயரைத்தான் தரும். கூட்டம் தானாக வரும் காலத்தில் தள்ளுபடி கொடுப்பதும் கையில் வந்த லாபத்தை விடுவதுதான்.

ஆடியில் இந்துக் குடும்பங்களில் திருமணம் வைப்பதில்லை. தவக்காலத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் தவிர்க்கின்றன. இந்த இரண்டு இடைவெளிகளுக்கும் பிறகு சேலை வேலை ஏறத் தொடங்கும் நேரமே முதல் சோதனைக்கு ஏற்றது என்பது என் அனுபவம். இரண்டு கடையிலும் கைகளுக்கு வேலை செய்ய இடம் இருக்கிறதா என்பதுதான் மாதத்தைத் தேர்ந்தெடுக்க அடிப்படை.

ஒரு மாதம் நடத்தி முடித்தோம். 34 கூப்பன் திரும்பி வந்தது. இது நல்லதா, கெட்டதா?

அண்ணாச்சி இந்தக் கேள்வியோடு ரப்பர் பேண்ட் போட்ட மஞ்சள் கட்டை என் மேசையில் வைத்தார். நல்ல வேளையாக, தொடக்கத்திலேயே ஒரு காரியம் செய்திருந்தோம்: கூப்பனை வாங்கும்போது ‘இதற்கு முன் நம் கடைக்கு வந்திருக்கிறீர்களா?’ என்று கேட்டு, ஆம் என்றால் ஓரத்தில் ஒரு கோடு, இல்லை என்றால் ஒரு வட்டம் போட்டு, பின்புறம் பில் தொகையை எழுதச் சொல்லியிருந்தேன். இது இல்லாமல் 34 என்ற எண்ணுக்குப் பொருளே கிடையாது.

அக்கா கொடுத்தது 210. திரும்பி வந்தது 34. அதில் வட்டம் 21, கோடு 13. சராசரி பில் 520 ரூபாய். அண்ணாச்சிக்கு அதில் நிற்பது 182. 50 தள்ளுபடி போக 132. புதியவர்கள் 21 பேரால் வந்தது 2,772 ரூபாய். பழைய வாடிக்கையாளர்கள் 13 பேர் கூப்பன் இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குக் கொடுத்த 650 ரூபாய் வீணான செலவு. அச்சுப் பங்கு 450. எல்லாம் போக 1,672 ரூபாய் நின்றது. விற்பனைத் தொகையைப் பார்த்து 17,680 ரூபாய் வியாபாரம் என்று மகிழ்ந்திருந்தால் உண்மை தெரிந்திருக்காது.

வட்டத்தைவிடக் கோடு அதிகமாக இருந்தால், அதாவது வருகிறவர்களில் பாதிக்கு மேல் உங்கள் பழைய வாடிக்கையாளர்களாகவே இருந்தால், இரண்டு கடைக்கும் ஏற்கெனவே ஒரே ஆட்கள்தான் வருகிறார்கள் என்று பொருள். அந்தக் கூட்டை நிறுத்திவிட்டு வேறு கடையைப் பாருங்கள். ஒரே தெருவில் பல ஆண்டுகளாக இருக்கும் கடைகளுக்குள் இது அடிக்கடி நடக்கிறது.

அவருக்கு 21 புதிய ஆள், எனக்கு வெறும் 6. இது என்ன நியாயம்?

அக்காவின் வருத்தம் சரியானதே. அண்ணாச்சி 180 நீலக் கூப்பன் கொடுத்தார். 9 தான் வந்தது, அதில் 6 பேர் புதியவர்கள். ஒரு ஜாக்கெட்டில் 450 ரூபாய் கூலிக்குக் கைக்கூலி, லைனிங், நூல் எல்லாம் போக 190 நிற்கும். ஃபால்ஸ் செலவு போக 150. ஆறு பேருக்கு 900. பழையவர்கள் மூவருக்குப் போன 120 ரூபாயையும் அச்சுப் பங்கு 450 ரூபாயையும் கழித்தால் 330 ரூபாய்.

ஆனால் காரணம் அண்ணாச்சியின் அக்கறையின்மை அல்ல. ஜாக்கெட் வாங்க வந்தவரிடம் சேலை கையில் இருக்கிறது; வளையல் வாங்க வந்தவரிடம் தைக்கத் துணி இல்லை. அவர் வீட்டுக்குப் போய், துணி எடுத்து, அளவு ஜாக்கெட்டையும் தேடி எடுத்துக்கொண்டு, இன்னொரு நாள் வர வேண்டும். இப்படி எல்லாக் கூட்டிலும் ஒரு திசை எளிதாகவும் மறு திசை கடினமாகவும் இருக்கும். இதை முதல் மாதம் முடியும் முன் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

இரண்டாம் மாதம் மூன்று மாற்றங்கள் செய்தோம். நீலக் கூப்பனை எல்லோருக்கும் கொடுக்காமல், 750 ரூபாய்க்கு மேல் செட்டாக நகை எடுப்பவர்களுக்கு மட்டும் கொடுத்தோம். அப்படி எடுப்பவர் வீட்டில் ஒரு விசேஷம் இருக்க வேண்டும். அதன் கெடுவை 15 நாளிலிருந்து 30 ஆக்கினோம். அண்ணாச்சி கடையின் கண்ணாடி அலமாரியில், கவரிங் செட்டுகளுக்குப் பக்கத்திலேயே, அக்கா தைத்த கைவேலை ஜாக்கெட் இரண்டை மாட்டினோம். கொடுத்தது 60 கூப்பன்தான். வந்தது 11, அதில் 9 வட்டம். தையல் கடைக்குப் புதிதாக வந்தவர் அளவு ஒருமுறை பொருந்திவிட்டால் எளிதில் கடை மாற மாட்டார் என்பதையும் அக்கா கணக்கில் சேர்த்துக்கொண்டார். ஆட்களின் எண்ணிக்கை சமமாக வேண்டும் என்று பார்க்காமல், இருவருக்கும் செலவு போக மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

அதற்குப் பதில் ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசிக்கொண்டால் என்ன?

நான் அப்படிச் செய்து பட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பக்கத்தில் இருந்த ஒரு கடையோடு, நான் அனுப்பும் கல்யாண வேலைக்குப் பத்து சதவீதம் என்று வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டோம். கார்டு அடிக்க வந்தவரை நான் அனுப்பினேன். அவர் தம் அத்தான் சொல்லித்தான் வந்ததாக அங்கே சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் சொன்னதும் உண்மையே. யாரால் வந்தார் என்று தீர்க்க வழியில்லாமல், நாங்கள் இருவரும் பல மாதங்கள் முகம் பார்த்துப் பேசவில்லை.

கமிஷனில் இன்னொரு கெடுதலும் உண்டு. பணத்துக்காக அனுப்புகிறார் என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்த நிமிடமே உங்கள் சொல்லின் மதிப்பு குறைந்துவிடும். கூப்பனில் சலுகை வாடிக்கையாளருக்கே போகிறது. அதனால் நீங்கள் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமா? அப்படிப் போட்டால் பார்ட்னர்ஷிப் ஆகிவிடாதா?

எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் என்ன சலுகை தருகிறார், எத்தனை கூப்பன், அச்சுச் செலவு எப்படி, கணக்கு எந்த நாளில் பார்ப்பது, இடையில் நிறுத்த எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பவற்றை எழுதி, இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்தை முதல் மாதமாகவே எழுதுங்கள். ‘தொடர்ந்து நடத்தப்படும்’ என்று எழுத வேண்டாம்.

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, எல்லோரும் சேர்ந்தோ, எல்லோருக்காகவும் அவர்களில் ஒருவரோ நடத்தும் ஒரு வியாபாரத்தின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொள்வதே கூட்டாண்மை. நாம் மேலே சொன்ன முறையில் அவரவர் லாபம் அவரவருக்கு. தள்ளுபடியும் அவரவர் செலவு. அதையே அந்தத் தாளில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். கூப்பனிலும் பேனரிலும் ‘பார்ட்னர்’, ‘எங்கள் கிளை’ போன்ற சொற்களைத் தவிருங்கள். கூட்டாளி என்று ஒருவர் தம்மைக் காட்டிக்கொண்டு, அதை நம்பி வெளியாள் கடன் கொடுத்தால், அதற்கு அவரும் பொறுப்பாக நேரிடலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. மொத்த வியாபாரிகள் கடனுக்குச் சரக்கு கொடுக்கும் நம் ஊர்ச் சந்தையில் இது வெறும் ஏட்டுப் பேச்சல்ல.

இருவரிடமும் உள்ள வாடிக்கையாளர் போன் நம்பர்களை மாற்றிக்கொண்டால் வேலை எளிதாகுமே?

வேண்டாம். அளவு எழுதும் நோட்டில் அந்தப் பெண் தம் எண்ணைக் கொடுத்தது, ஜாக்கெட் தயாரானதும் கூப்பிடுவதற்காக. அதை அவர் சம்மதமில்லாமல் இன்னொரு கடைக்குக் கொடுப்பது நம்பிக்கைக் கேடு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதத்தையும் எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தார் என்பதையும்தான் அடிப்படையாக வைக்கிறது.

வாட்ஸ்ஆப் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்றால், எண்ணைக் கைமாற்றாமல், உங்கள் வாடிக்கையாளருக்கு நீங்களே மற்றக் கடையின் சலுகையை அனுப்புங்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். ஒரு குழுவைத் தொடங்கி எல்லோரையும் அதில் சேர்த்துவிடாதீர்கள். அதில் ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும்; பெண் வாடிக்கையாளர்கள் உள்ள கடையில் அது பெரிய தொல்லையாகும்.

கூப்பன்களைப் பெட்டியில் போட்டுக் குலுக்கல் முறையில் மிக்சி பரிசு கொடுக்கலாமா?

கூடாது. பொருள் வாங்கியவர்களுக்குக் குலுக்கல் மூலம் பரிசு கொடுக்கும் திட்டங்களை 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் தடுக்கிறது. பெரிய நிறுவனங்களின் பரிசு விளம்பரங்களில் ‘தமிழ்நாட்டில் செல்லாது’ என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசே லாட்டரி நடத்துவதால், இங்கேயும் செய்யலாம் என்று நம்மவர்கள் பலர் எண்ணிவிடுகிறார்கள். நிபந்தனையை நிறைவேற்றிய எல்லோருக்கும் ஒரே சலுகை என்பதுதான் பாதுகாப்பான வழி. குலுக்கல் கூப்பனோடு வருகிறவர்களுக்கு நான் அச்சிட்டுத் தருவதில்லை.

ஜிஎஸ்டி பில்லில் இந்த 50 ரூபாயை எப்படிக் காட்டுவது?

விற்கும்போதே கொடுத்து, பில்லிலும் தள்ளுபடி என்று தனியாகக் காட்டினால், அது போக மீதித் தொகைக்குத்தான் வரி. கூப்பன் எண்ணைப் பில்லில் குறித்து வையுங்கள். அந்த 50 ரூபாயை மற்றக் கடைக்காரர் உங்களுக்குத் திருப்பித் தருவதாக இருந்தால் கணக்கு இப்படி எளிதாக இருக்காது. தள்ளுபடியை அவரவரே ஏற்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கமிஷன் வாங்கினால் அது தனி வருமானம் என்பதையும் உங்கள் கணக்கரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் கடையில் வாங்கிய வளையல் கறுத்துவிட்டதென்று என்னிடம் சண்டைக்கு வந்தால் நான் என்ன செய்வது?

வருவார்கள். ‘அது அவர்கள் பொறுப்பு’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லாதீர்கள்; நீங்கள்தானே அனுப்பினீர்கள் என்ற கேள்விக்கு அது பதிலாகாது. அவரோடு எழுந்து அடுத்த கடைக்கு நடந்து போங்கள். அக்கா ஒருமுறை தையலைப் பாதியில் நிறுத்திவிட்டு அப்படிப் போனார். அண்ணாச்சி பேசாமல் வேறு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். கூப்பனில் வந்தவருக்கு ஏழு நாளுக்குள் மாற்றிக் கொடுக்கப்படும் என்ற வரியை அதன் பிறகு ஒப்பந்தத் தாளில் சேர்த்தோம்.

பணம் திருப்பிக் கொடுப்பது விற்றவர் வேலை. அதை நீங்கள் உங்கள் கல்லாவிலிருந்து செய்யாதீர்கள். ஒரே மாதத்தில் இப்படி மூன்று பேர் வந்தால் கூப்பன் கொடுப்பதை அன்றே நிறுத்திவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் காரணத்தையும் மூன்று பில் எண்களையும் சொல்லுங்கள்.

நிறுத்த வேண்டும் என்றால் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? தினமும் முகத்தில் விழிக்க வேண்டுமே.

மாதக் கணக்குப் பார்க்கும் நாளில், இரண்டு கட்டுக் கூப்பன்களையும் மேசையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். வட்டமும் கோடும் எத்தனை என்று இருவரும் சேர்ந்து எண்ணும்போது, நிறுத்துவது உங்கள் விருப்பு வெறுப்பாகத் தெரியாது. முதல் ஒப்பந்தம் ஒரு மாதத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், நீங்கள் முறிக்க வேண்டியதே இல்லை. அது தானாக முடிந்துவிடும்.

நிறுத்திய பிறகும் வெளியே இருக்கும் கூப்பன்களைக் கெடு முடியும் வரை இரு கடையும் ஏற்க வேண்டும். மீதமுள்ள வெற்றுக் கூப்பன்களை இருவரும் எண்ணி, வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, கிழித்துவிடுங்கள். அக்காவும் அண்ணாச்சியும் மூன்று மாதம் நடத்திவிட்டு, கிறிஸ்துமஸ் வேலை நெருங்கியதால் நிறுத்தினார்கள். மிஞ்சிய 41 மஞ்சள் கூப்பன்களை என் அச்சகத்துத் தாள் வெட்டும் இயந்திரத்தில்தான் போட்டு வெட்டினோம். பிப்ரவரியில் தவக்காலம் எப்போது தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.